ஒரே படம், நான்கு கிராப்: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

“மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்டிருக்கும் மரப்பாதையில் அப்பா கடலைப் பார்த்து நடந்து போவதைப் பின்னாலிருந்து எடுத்தேன். 3:2, 4:5, 16:9, சதுரம் என்று நான்கு விதமாகக் கிராப் செய்து பார்த்துவிட்டேன். ரூல் ஆஃப் தேர்ட்ஸ் கட்டத்தைப் போட்டால் முதல் மூன்றுமே சரியாகத்தான் இருக்கின்றன. லீடிங் லைனும் எல்லாவற்றிலும் இருக்கிறது. பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்ட வேண்டும். எதை எடுப்பது, எப்படி முடிவு செய்வது?”

16:9 கிராப்பை எடுங்கள். ஆனால் ஃபிரேமை இன்னும் 150 பிக்சல் அளவுக்கு இடப்பக்கம் நகர்த்துங்கள். அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால், கிராப் செய்யாத முழுப் படத்தைப் பார்க்க வேண்டும். நான்கு கிராப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நான்குமே நன்றாகத்தான் தெரியும். எது எதை இழந்திருக்கிறது என்பது முழுப் படத்தில்தான் தெரியும்.

உங்கள் படம் 6000 × 4000 பிக்சல். அப்பா இடப்பக்கத்திலிருந்து ஏறக்குறைய 3700-ஆவது பிக்சலில் நிற்கிறார். தொடுவானம் மேலிருந்து 1700-இல் போகிறது. மூன்றிலொரு பங்குக் கோடுகள் விழுவது குறுக்கே 2000, 4000-இல்; மேலிருந்து கீழே 1333, 2667-இல். அதாவது அப்பா நடுவிலும் இல்லை, மூன்றிலொரு பங்குக் கோட்டிலும் இல்லை, தொடுவானமும் அப்படியே. முழுப் படம் கொஞ்சம் முடிவெடுக்காதது போலத் தெரிவதற்கு இதுதான் காரணம். கிராப் செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது சரி.

இப்போது கோடுகளைப் பாருங்கள். பாதையின் இடது ஓரம் படத்தின் அடிப்பகுதியில், 1500-ஐ ஒட்டி உள்ளே வருகிறது. வலது ஓரம் அடியில் வரவில்லை. வலப்பக்க விளிம்பில், கீழிருந்து கால் பங்கு உயரத்தில் நுழைகிறது. இரண்டும் தொடுவானத்தில் 3400-இல் சேர்கின்றன. அந்த இடத்தை மறைபுள்ளி என்போம். அது அப்பாவின் மேல் விழவில்லை, அவருக்கு இடப்பக்கம் 300 பிக்சல் தள்ளி விழுகிறது. இந்த 300 பிக்சலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை இதுதான் வேலை செய்யப் போகிறது.

இடது ஓரம் ஏறக்குறைய 50 டிகிரியில் செங்குத்தாக ஏறுகிறது. வலது ஓரம் 30 டிகிரிக்கும் குறைவாகச் சாய்ந்து வருகிறது. நீங்கள் பாதையின் நடுவில் இல்லாமல் இடது கைப்பிடிப் பக்கம் ஒதுங்கி எடுத்ததால் இப்படி. மூன்று மீட்டர் அகலப் பாதையில் அரை மீட்டர் ஒதுங்கினாலே கோடுகளின் சாய்வு இவ்வளவு மாறிவிடும். கிராப் இந்தச் சாய்வை மாற்றாது. கோடு எந்தக் கோணத்தில் போகிறது, எங்கே சேர்கிறது என்பதெல்லாம் நீங்கள் நின்ற இடத்திலேயே முடிவாகிவிட்டது. கோடு ஃபிரேமுக்குள் எங்கே நுழைகிறது, சேரும் புள்ளி ஃபிரேமில் எந்த இடத்தில் விழுகிறது, இந்த இரண்டு மட்டும்தான் கிராப்பின் கையில் இருக்கிறது.

இதை வைத்துச் சதுரத்தை உடனே ஒதுக்கிவிடலாம். அதில் அப்பாவை நடுவில் வைத்திருக்கிறீர்கள். நடுவில் வைப்பது தவறே இல்லை. பறக்கும் ரயில் நிலையத்தில், நடைமேடையின் சரியான நடுவில் நின்று எடுத்தால் இரண்டு பக்கக் கோடுகளும் ஒரே சாய்வில் வந்து சேரும். அந்தப் படத்தில் ரூல் ஆஃப் தேர்ட்ஸைத் திணித்தால்தான் கெடும், நடுவில்தான் வைக்க வேண்டும். ஆனால் உங்கள் கோடுகள் 50-க்கு 30 என்று சமமில்லாமல் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் ஆளை வைத்தால், சமச்சீராக எடுக்க முயன்று கொஞ்சம் தவறிவிட்டது போலத் தோன்றும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று உறுத்தும். நடுவில் வைக்கலாமா என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் இரண்டு கோடுகளின் சாய்வையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய சமம் என்றால் நடு, இல்லையென்றால் வேறு இடம்.

அடுத்து 3:2. கட்டத்தைப் பொறுத்தவரை நான்கில் இதுதான் மிகத் துல்லியம். 3600 × 2400 எடுத்து, அப்பாவை வலது மூன்றிலொரு பங்குக் கோட்டில் அச்சாக உட்கார வைத்திருக்கிறீர்கள். தொடுவானமும் மேல் கோட்டில் பொருந்திவிட்டது. ஆனால் இதன் இடது விளிம்பு 1290-இல் விழுகிறது. முழுப் படத்தைத் திரும்பத் திறந்து தொடுவானத்தில் 1180-லிருந்து 1420 வரை பாருங்கள். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கும் ஒரு கப்பல் மங்கலாகத் தெரியும். உங்கள் கிராப் அதைப் பாதியில் வெட்டிவிட்டது. மிச்சம் இருப்பது விளிம்பில் ஒரு சாம்பல் நிறத் துண்டு, அவ்வளவுதான்.

அதை விட முக்கியம், அப்பாவின் தலை கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. அவர் அந்தக் கப்பலைத்தான் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். பார்வையும் ஒரு லீடிங் லைன்தான். மரப்பலகை போலக் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஒருவர் பார்க்கும் திசையில் நம் கண் தானாகப் போய்விடும். 3:2 கிராப்பில் அந்தப் பார்வை போய் முட்டுவது பாதி வெட்டிய கப்பலில். கட்டம் சரி என்று காட்டினாலும் படம் ஏன் நிறைவாக இல்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. கட்டத்துக்கு அப்பா எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது தெரியாது, விளிம்பில் எது வெட்டுப்படுகிறது என்பதும் தெரியாது. அதனால் ஒவ்வொரு கிராப்பையும் முடித்தவுடன், நான்கு விளிம்புகளையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுங்கள். பத்து வினாடி வேலை.

4:5 உண்மையிலேயே நல்ல கிராப். கப்பல் முழுவதுமாக வெளியே போய்விட்டது, அதனால் பாதி வெட்டிய பிரச்சினை இல்லை. நிற்கும் ஃபிரேம் என்பதால் பாதையின் இடது ஓரம் கீழ் இடது மூலைக்குச் சற்று மேலே நுழைந்து, படத்தின் பெரும்பகுதியைக் குறுக்காக ஏறிப் போகிறது. கோட்டின் பலம் நான்கில் இதில்தான் அதிகம். கோடு சரியாக மூலையிலிருந்தே கிளம்ப வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூலையில் அச்சாகக் குத்தினால் கண் மூலையிலேயே போய் நின்றுவிடுகிறது. உங்களுடையதில் இருப்பது போலக் கொஞ்சம் தள்ளியிருப்பதே இயல்பு.

ஆனால் இங்கே அந்த 300 பிக்சல் வந்து நிற்கிறது. 4:5 கிராப்பின் அகலம் 2400 மட்டும்தான். 300 என்பது அதில் எட்டில் ஒரு பங்கு. அப்பாவைக் கோட்டில் வைத்திருக்கிறீர்கள், அதனால் பாதை போய்ச் சேரும் புள்ளி நடுவுக்கும் அப்பாவுக்கும் இடையில் ஏறக்குறைய நடுவை ஒட்டி விழுகிறது. கண் பலகை வழியே ஏறி, முதலில் ஆளில்லாத கடலில் போய் நிற்கிறது. அங்கிருந்து வலப்பக்கம் நகர்ந்துதான் அப்பாவிடம் வருகிறது. வலது ஓரம் மட்டும் அவர் இடுப்புக்குப் பின்னால் புகுந்து போவதால் ஓரளவு அவரிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆனால் இந்த கிராப்பில் வலது ஓரம் மிகக் குட்டையாகிவிட்டது. ஃபிரேம் குறுகக் குறுக இந்த இடைவெளி பெரிதாகத் தெரியும் என்பதைக் கவனியுங்கள். பிக்சல் அதேதான், பங்கு மாறுகிறது.

கப்பல் என்று ஒன்று இல்லாமலிருந்தால், அப்பா நேராகப் பார்த்திருந்தால், இந்தக் குறையோடும் நான் 4:5-ஐத்தான் சொல்லியிருப்பேன். போனில் பார்க்கிறவர்களுக்கு அனுப்ப இப்போதும் அதையே அனுப்பலாம், நிற்கும் படம் போன் திரையை நன்றாக நிரப்பும்.

சரி, 16:9. இடது எல்லை 490, வலது எல்லை 5290, அகலம் 4800, உயரம் 2700. அப்பா வலது கோட்டில், தொடுவானம் மேல் கோட்டில், கப்பல் இடது விளிம்புக்கு உள்ளே முழுசாக. வலக்கோடியில் இருந்த குப்பைத்தொட்டியும் சூரிய வெளிச்சத் திட்டும் வெளியே போய்விட்டன. அந்தத் திட்டு சின்ன விஷயமில்லை. பொங்கலுக்கு முன்னால் எடுத்ததாக எழுதியிருந்தீர்கள். மார்கழி, தையில் சூரியன் நேர் கிழக்குக்குத் தெற்கே தள்ளி உதிக்கும், கடலைப் பார்த்து நின்றால் அது வலப்பக்கம். முழுப் படத்தில் கண்ணை முதலில் இழுப்பது அந்த வெளிச்சம்தான். விளிம்பை ஒட்டி இருக்கும் வெளிச்சம் எவ்வளவு நல்ல லீடிங் லைனையும் தோற்கடித்துவிடும்.

இதில் கண் போகும் வழியைப் பாருங்கள். பலகையில் ஏறி அப்பாவிடம் போகிறது, அவர் பார்வையைப் பிடித்துக்கொண்டு கப்பலுக்குப் போகிறது. படத்தில் சொல்ல ஏதோ இருக்கிறது என்ற உணர்வு அந்த இரண்டாவது அடியில்தான் வருகிறது. பலகைக் கோடு 4:5-இல் இருந்த அளவுக்கு நீளமில்லை. அடி விளிம்பில், இடமிருந்து 30 சதவீதத்தில்தான் கிளம்புகிறது. மூலைக்கு அருகே கொண்டுவர வழியும் இல்லை, அதற்கு வேண்டிய அளவு கீழ்ப்பகுதி கேமராவில் பதிவாகவே இல்லை. இந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம்.

தொடுவானத்தைக் கீழ் மூன்றிலொரு பங்கில் வைத்து வானத்தை அதிகமாகக் காட்டலாமே என்று தோன்றலாம். இந்த அகலத்தில் அது முடியாது. அதற்குத் தொடுவானத்துக்கு மேல் 1800 பிக்சல் வானம் வேண்டும், உங்களிடம் 1700தான் இருக்கிறது. இடம் இருந்திருந்தாலும் செய்யச் சொல்ல மாட்டேன். மூன்றிலொரு பங்கு என்ற கணக்கை 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் எழுதியபோது, நிலத்துக்கும் வானத்துக்கும் எவ்வளவு இடம் பிரித்துக் கொடுப்பது என்பதும் அவர் பேச்சில் இருந்தது. இப்போது நாம் கட்டத்தின் நான்கு புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், அந்தப் பங்கீட்டை மறந்துவிடுகிறோம். மூன்றில் இரண்டு பங்கு இடம் யாருக்கு என்றால், சொல்ல அதிகம் இருப்பவருக்கு. உங்கள் வானம் அன்று வெறுமையாக இருக்கிறது, மேகமே இல்லை. பலகையில் ஈரமும் நிழலும் இருக்கின்றன. அதனால் இடம் பலகைக்கே போகட்டும்.

இப்போது அந்த 150 பிக்சல். 16:9-இல் அப்பா கோட்டின் மேல் இருக்கிறார், மறைபுள்ளி கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கிறது. 4800 அகலத்தில் 300 என்பது பதினாறில் ஒரு பங்கு, எனவே 4:5-இல் தெரிந்த அளவுக்குத் தெரியாது. ஆனால் இடது எல்லையை 490-லிருந்து 345-க்கு நகர்த்தினால், மூன்றிலொரு பங்குக் கோடு அப்பாவுக்கும் மறைபுள்ளிக்கும் சரியாக நடுவில் விழும். அப்பா கோட்டுக்கு இந்தப் பக்கம், பாதை சேருமிடம் அந்தப் பக்கம். இரண்டும் சேர்ந்து ஒரே கனமாக அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். கூடவே கப்பலுக்கு விளிம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும், வலப்பக்க வெளிச்சம் இன்னும் தள்ளிப் போகும். கட்டத்தைத் திரையில் வைத்துப் பார்த்தால் எதுவுமே கோட்டில் இல்லாதது போலத் தெரியும். கட்டத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் உங்களைப் பாராட்ட வேண்டும். முழங்காலிட்டு எடுத்திருக்கிறீர்கள் என்று படமே சொல்கிறது. சமதரையில் தொடுவானம் எப்போதும் கேமரா இருக்கும் உயரத்தில்தான் எல்லா ஆட்களையும் வெட்டும். நின்றபடி எடுத்திருந்தால் அது அப்பாவின் கழுத்தில் கத்தி போலப் போயிருக்கும், எந்தக் கிராப்பாலும் சரிசெய்ய முடியாது. இப்போது மார்புக்குக் கீழே போகிறது. தலையும் தோளும் வானத்தில் தனியாகத் தெரிகின்றன.

கிராப்புகளை ஒப்பிடும் வேலையைச் செய்யும் முறையும் முடிவை மாற்றும். முதலில் தொடுவானத்தை நேராக்குங்கள். உங்களுடையது ஒரு டிகிரி சாய்ந்திருக்கிறது. 6000 பிக்சல் அகலத்தில் அது நூறு பிக்சலுக்கு மேல் ஏற்றத்தாழ்வு. கிராப் செய்த பிறகு நேராக்கினால் மூலைகள் இன்னும் கொஞ்சம் வெட்டுப்பட்டு, நாம் கணக்குப் பார்த்து வைத்ததெல்லாம் நகர்ந்துவிடும். நான் மேலே சொன்ன எண்களும் நேராக்கிய பிறகு சில பத்துப் பிக்சல் முன்பின் ஆகும், அதனால் எண்ணைப் பார்க்காமல் அப்பா, மறைபுள்ளி, கப்பல் இவற்றைப் பார்த்து வையுங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் `Ctrl+'` அழுத்தினால் அதே படத்தின் விர்ச்சுவல் காப்பி கிடைக்கும். ஒவ்வொன்றிலும் `R` அழுத்திக் கிராப் செய்யுங்கள், `O` அழுத்தினால் கட்டங்கள் மாறி மாறி வரும். முடித்ததும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `N` அழுத்தினால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். போனில் என்றால் ஒவ்வொரு கிராப்பையும் `Save copy` கொடுத்துத் தனியாகச் சேமியுங்கள்.

பார்க்கும்போது நான்கையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். இரண்டிரண்டாக வைத்து, தோற்றதை ஒதுக்கிக்கொண்டே வாருங்கள். திரையில் தீப்பெட்டி அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் அப்பா எங்கே, பாதை எங்கே என்பது புரிய வேண்டும். அப்புறம் கட்டைவிரலால் பாதையின் கீழ்ப்பகுதியை மறையுங்கள். மறைத்த பிறகும் படம் அப்படியே நிற்கிறதென்றால், அந்த கிராப்பில் கோடு வெறும் தரைதான், உங்களை எங்கும் கூட்டிப்போகவில்லை. மறைத்தவுடன் அப்பா அந்தரத்தில் நிற்பது போல ஆனால் கோடு வேலை செய்கிறது. உங்கள் நான்கில் 4:5-உம் 16:9-உம் இந்தச் சோதனையில் தேறின, மற்ற இரண்டும் மறைத்தாலும் மறைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

பிரிண்டுக்குக் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. லேபில் 12 × 18 அங்குலம் வழக்கமான அளவு, அது 3:2. 16:9 ஃபைலை அப்படியே கொடுத்தால், தாளை நிரப்புவதற்காக அவர்களே இரண்டு பக்கமும் வெட்டிவிட வாய்ப்பிருக்கிறது. காசிமேட்டில் எடுத்த ஒரு படத்தில், ஓரத்தில் இருந்த படகின் முனையை இப்படித்தான் இழந்தேன். கடையில் கேட்டபோது “ஃபுல் பேப்பர் வருமாறு போட்டோம் சார்” என்றார்கள். உங்கள் படத்தில் அப்படி வெட்டினால் கப்பல் தப்பிவிடும், ஆனால் விளிம்பில் அதற்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் நீங்களே 5400 × 3600 பிக்சலில் ஒரு வெள்ளைக் கேன்வாஸ் போட்டு, உங்கள் 4800 × 2700 படத்தை அதன் நடுவில் வைத்துச் சேமியுங்கள். 300 டிபிஐ-யில் அது அச்சாக 12 × 18. இடமும் வலமும் ஒரு அங்குலமும், மேலும் கீழும் ஒன்றரை அங்குலமும் வெள்ளை ஓரம் கிடைக்கும். ஃபிரேமின் மரச்சட்டம் விளிம்பில் கொஞ்சத்தை மறைத்தாலும் அது அந்த வெள்ளையைத்தான் மறைக்கும்.